இரண்டு ரூபாயில் தொடங்கிய பிடித்தம்

ஓய்வூதியம் வாங்கும் ஓர் ஆசிரியையின் பாஸ்புக் பக்கத்தைக் கற்பனை செய்துகொள்வோம். தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளின் பீரோவில் இருக்கக்கூடிய பக்கம்தான் அது. ஐந்தாம் தேதி 2,000 ரூபாய் போயிருக்கிறது, எதிரே ‘SI’ என்று தொடங்கும் வரி. ஏழாம் தேதி 1,850 ரூபாய், எதிரே ‘ACH D’. பன்னிரண்டாம் தேதி 299 ரூபாய், ‘UPI’ என்று தொடங்கி நீளமாக ஒரு எண். முதல் வரி அவர் பேத்திக்காகக் கட்டும் ஆர்.டி., இரண்டாவது இன்ஷூரன்ஸ் பிரீமியம். மூன்றாவது என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. முந்தைய பக்கங்களைப் புரட்டினால் அதே 299, ஐந்து மாதமாக. மொத்தம் 1,495 ரூபாய்.

வங்கிக்குப் போகிறார். “இது நீங்க ஓகே பண்ணதுதாம்மா” என்கிறார் கவுன்டரில் இருப்பவர். “நான் எதுலயும் கையெழுத்துப் போடலியே தம்பி” என்கிறார் இவர். இருவர் சொல்வதும் உண்மைதான். ஆறு மாதத்துக்கு முன் செல்போனில் ஒரு குட்டித் தொடரின் முதல் சில பகுதிகளை இலவசமாகப் பார்த்தார். அடுத்த பகுதிக்கு ‘ஏழு நாள் வெறும் 2 ரூபாய்’ என்று வந்தது. யு.பி.ஐ. பின் போட்டார். இரண்டு ரூபாய்க்குப் போட்டதாகத்தான் அவருக்கு நினைவு. அந்தப் பின் 2 ரூபாய்க்கு மட்டும் போடப்பட்டதல்ல. மாதம்தோறும் பணம் எடுத்துக்கொள்ளலாம் என்ற அனுமதிக்கும் சேர்த்துத்தான் போடப்பட்டது. தொடர் முடிந்ததும் ஆப்பை அழித்துவிட்டார். அனுமதி அழியவில்லை.

அந்தப் பக்கத்தின் மூன்று வரிகளும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கின்றன. மூன்றிலும் பணம் தானாகவே போகிறது. ஆனால் யார் சொல்லி அந்தப் பணம் நகர்கிறது என்று கேட்டால் விஷயம் தலைகீழாகிவிடும்.

ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் என்பது கணக்கு வைத்திருப்பவர் தன் வங்கிக்குச் சொல்லும் சொல். ‘ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி என் சேமிப்புக் கணக்கிலிருந்து 2,000 எடுத்து இந்த ஆர்.டி.யில் போடு’ என்கிறார், வங்கி செய்கிறது. தொகையும் தேதியும் போய்ச்சேரும் கணக்கும் அவர் சொன்னவை. வாங்கும் தரப்புக்கு இதில் எந்த வேலையும் கிடையாது, கேட்கவும் முடியாது, கூட்டவும் முடியாது. நிறுத்த வேண்டுமானால் நெட் பேங்கிங்கில் அந்தப் பதிவை ரத்து செய்தாலோ, கிளையில் ஒரு கடிதம் கொடுத்தாலோ போதும். இந்தக் குழாயின் திருகு கணக்குக்காரர் வீட்டுக்குள் இருக்கிறது.

ஆட்டோ டெபிட் மேன்டேட்டில் திருகு வெளியே போய்விடுகிறது. ‘இந்த நிறுவனம் கேட்டால், இவ்வளவு தொகை வரை, என் கணக்கிலிருந்து கொடுத்துவிடு’ என்று வங்கிக்குக் கொடுக்கும் முன் அனுமதி அது. ஒவ்வொரு முறையும் பணத்தைக் கேட்டு வருவது நிறுவனம். வங்கி தன்னிடம் உள்ள அனுமதியைச் சரிபார்த்து எடுத்துக் கொடுக்கிறது. இன்ஷூரன்ஸ், வீட்டுக்கடன் தவணை, மியூச்சுவல் ஃபண்ட் எஸ்.ஐ.பி. எல்லாம் பெரும்பாலும் இப்படித்தான் போகின்றன. முன்பு இதற்கு ஈ.சி.எஸ். என்று பெயர், பெரியவர்கள் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள். இப்போது தேசியக் கொடுப்பனவுக் கழகம் நடத்தும் ‘நாச்’ என்ற ஏற்பாடு அந்த இடத்தில் இருக்கிறது. பாஸ்புக்கில் ‘ACH D’ என்று வருவது அதுதான்.

நாச் படிவத்தை ஒருமுறையாவது நிதானமாகப் பார்க்க வேண்டும். பெரும்பாலானோர் கடன் வாங்கும் அவசரத்தில், ஏஜென்ட் பென்சிலால் குறித்துக் கொடுத்த இடத்தில் கையெழுத்து மட்டும் போடுகிறார்கள். அதில் தொகைக்கு இரண்டு கட்டம் உண்டு. ஒன்று நிர்ணயித்த தொகை, மற்றது அதிகபட்சத் தொகை. எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதற்கு மாதம், காலாண்டு, வருடம் என்ற கட்டங்களோடு ‘As & when presented’ என்று ஒன்று இருக்கும். நிறுவனம் எப்போது கேட்கிறதோ அப்போது என்று பொருள். அதிகபட்சத் தொகையும் எப்போது கேட்டாலும் என்பதும் சேர்ந்து டிக் ஆகியிருந்தால், மாதத் தவணை 4,000 ரூபாயாக இருக்கும் ஒருவர் 10,000 ரூபாய் வரை, நாள் கணக்கில்லாமல் எடுக்க இசைவு கொடுத்திருக்கிறார் என்று அர்த்தம். தவணை தவறினால் அபராதத்தையும் சேர்த்து எடுக்க வசதியாக இருக்கட்டும் என்றுதான் நிறுவனங்கள் இப்படி நிரப்பச் சொல்கின்றன.

சந்தா விஷயத்தில் படிவமே கிடையாது. எல்லாம் இரண்டு வழிகளில் நடக்கிறது: கார்டு அல்லது யு.பி.ஐ. ஆட்டோபே. ஆட்டோபே 2020 ஜூலையில் வந்தது. கார்டு வழிக்கு ரிசர்வ் வங்கி 2019 ஆகஸ்டில் விதி வகுத்தது, பலமுறை தள்ளிப்போய் 2021 அக்டோபர் 1 முதல் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அந்த மாதம் பலருடைய சந்தாக்கள் திடீரென்று நின்றுபோனதற்குக் காரணம் அதுதான். பழைய அனுமதிகள் செல்லாது, ஓ.டி.பி. போட்டுப் புதிதாகப் பதிய வேண்டும் என்று ஆனது. ஓ.டி.பி. இல்லாமல் தானாகப் போகக்கூடிய தொகைக்கு முதலில் 2,000 ரூபாய் என்று வரம்பு இருந்தது, பிறகு 5,000, 2022 ஜூனிலிருந்து 15,000 ரூபாய். மியூச்சுவல் ஃபண்ட், இன்ஷூரன்ஸ், கிரெடிட் கார்டு பில் ஆகிய மூன்றுக்கு மட்டும் 2023 டிசம்பரில் ஒரு லட்சமாக உயர்த்தினார்கள்.

இந்த விதியில் வாடிக்கையாளருக்குக் கிடைத்த உண்மையான பாதுகாப்பு ஒரு எஸ்.எம்.எஸ். பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் தகவல் வந்தாக வேண்டும். யார் எடுக்கிறார்கள், எவ்வளவு, எப்போது, எதற்காக என்ற விவரம் அதில் இருக்க வேண்டும். அந்த ஒரு முறையை மட்டும் வேண்டாம் என்று சொல்லவோ, மேன்டேட்டையே ரத்து செய்யவோ கார்டு கொடுத்த வங்கி வழி வைத்திருக்க வேண்டும். இதற்காக வாடிக்கையாளரிடம் கட்டணம் வாங்கக் கூடாது. ஆட்டோபேயிலும் முன்தகவல் உண்டு. நம் ஆசிரியைக்கும் ஐந்து முறை வந்திருக்கும், ஒரு நாளைக்கு இருபது விளம்பரச் செய்திகள் வரும் செல்போனில் அவற்றுக்கு நடுவே அது கிடந்திருக்கும்.

இப்போது அந்த மூன்றாவது வரியை நிறுத்த வேண்டும். முதலில் அது எந்த வழியில் போகிறது என்று கண்டுபிடிக்காமல் எதைச் செய்தாலும் வீண். ஏ.டி.எம். கார்டைப் பிளாக் செய்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். யு.பி.ஐ. அனுமதி கணக்கோடு கட்டப்பட்டது, கார்டோடு அல்ல. கார்டு போனாலும் 299 போய்க்கொண்டே இருக்கும். யு.பி.ஐ. ஆப்பையே செல்போனிலிருந்து எடுத்துவிட்டாலும் அப்படித்தான். அனுமதி இருப்பது வங்கியிடம், செல்போனில் அதைப் பார்க்கும் ஜன்னல் மட்டுமே இருக்கிறது.

ஒரு செல்போனில் மூன்று யு.பி.ஐ. ஆப்கள் இருந்தால், எதன் வழியாகப் போட்டது என்ற குழப்பம் வரும். அதற்கு ஒரு அடையாளம் உண்டு. ஒவ்வொரு ஆட்டோபே அனுமதிக்கும் ஒரு நீண்ட எண் இருக்கிறது, எழுத்தும் இலக்கமும் கலந்து போய் கடைசியில் @ குறியும் அதன்பின் ஒரு சிறு பெயரும் வரும். ஒருவருடைய யு.பி.ஐ. முகவரியில் @ குறிக்குப் பின் இருக்கும் அதே வால்தான் அது. @ybl என்று முடிந்தால் ஃபோன்பே வழியாகவும், @okhdfcbank, @oksbi போல ok என்று தொடங்கும் வாலாக இருந்தால் கூகுள் பே வழியாகவும் பதிந்தது. முன்தகவலிலோ வங்கி ஸ்டேட்மென்ட்டிலோ இந்த எண் முழுதாக வந்திருந்தால் தேடும் வேலை பாதியாகிவிடும். எண் கிடைக்கவில்லையென்றால், ஒருகாலத்தில் பயன்படுத்தி விட்டுவிட்டதையும் சேர்த்து ஒவ்வொரு ஆப்பாகத் திறந்து பார்க்கலாம்.

சரியான ஆப்பைத் திறந்து, மேலே ஓரத்தில் இருக்கும் சுயவிவரப் படத்தைத் தொட்டால் வரும் பட்டியலில் ‘Autopay’ அல்லது ‘Mandates’ என்று ஒரு வரி இருக்கும். அதற்குள் நடப்பில் உள்ள அனுமதிகள் எல்லாம் வரிசையாக நிற்கும். நம் எடுத்துக்காட்டில் அந்தத் திரையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். நிறுவனத்தின் பெயர் ஆப்பின் பெயராக இருக்காது. அதை நடத்தும் கம்பெனியின் பெயரோ, பணம் வசூலித்துக் கொடுக்கும் இடைத்தரகரின் பெயரோ இருக்கும். பாஸ்புக்கைப் பார்த்து ஆசிரியைக்குப் புரியாமல் போனது இதனால்தான். தொகை இருக்கும் இடத்தில் 299 என்று இல்லை, ‘Upto ₹999’ என்று இருக்கிறது. அதாவது நாளை அந்தக் கம்பெனி சந்தாவை 499 ஆக்கினாலும் புதிதாகப் பின் கேட்க வேண்டியதில்லை, ஒரு முன்தகவலோடு எடுத்துக்கொள்ளலாம். முடியும் தேதி பல வருடங்கள் தள்ளி இருக்கிறது. இவ்வளவும் பின் போட்ட அன்றும் அதே திரையில், சின்ன எழுத்தில் இருந்தவைதான்.

கீழே ‘Pause’ என்றும் ‘Revoke’ அல்லது ‘Cancel’ என்றும் பொத்தான்கள் இருக்கும். முதலாவது தற்காலிக நிறுத்தம். குறிப்பிட்ட காலம் முடிந்ததும் பழையபடி எடுக்கத் தொடங்கிவிடும். வேண்டியது இரண்டாவதுதான். அதை அழுத்தினால் யு.பி.ஐ. பின் கேட்கும். பணம் போய்விடுமோ என்று பயந்து பலர் இந்த இடத்தில் திரும்பிவிடுகிறார்கள். திரையில் ரத்து என்றுதானே இருக்கிறது என்று ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டுப் போடலாம். ரத்தானதாகச் செய்தி வந்ததும் அந்தத் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் தகராறு வந்தால் அந்தப் படத்தில் இருக்கும் தேதியும் நேரமும்தான் சாட்சி. இதற்கு அந்தக் கம்பெனியின் சம்மதம் தேவையில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கஸ்டமர் கேருக்கு அழைத்து, காரணம் சொல்லி, பாதி விலைச் சலுகையை மறுத்து, மூன்று பேரிடம் மாற்றிவிடப்பட்டுத்தான் வெளியே வர முடியும் என்ற நிலை கிடையாது.

கஸ்டமர் கேர் என்றதும் இன்னொன்று. சந்தாவை நிறுத்த வேண்டும் என்று இணையத்தில் நம்பரைத் தேடுபவர்களைக் குறிவைத்தே போலி உதவி எண்கள் உலவுகின்றன. அழைத்தால் திரையைப் பகிரும் ஆப்பை ஏற்றச் சொல்வார்கள், அல்லது ரீஃபண்டு அனுப்ப பின் போடச் சொல்வார்கள். பணம் வாங்குவதற்குப் பின் எப்போதுமே தேவையில்லை. நம்பரை அந்த ஆப்புக்குள்ளிருந்தோ கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்தோ மட்டும்தான் எடுக்க வேண்டும்.

கார்டு வழியில் போகும் சந்தாவாக இருந்தால் இடம் வேறு. இங்கே பெயர்க் குழப்பம் ஒன்று காத்திருக்கிறது. கார்டில் பதியும் மேன்டேட்டை வங்கிகளே ‘ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்றுதான் அழைக்கின்றன. பல வங்கிகள் இதைப் பார்க்கவும் நிறுத்தவும் பயன்படுத்தும் தளத்தின் பெயரே sihub.in. அதனால் வங்கிக்குப் போன் செய்து ‘எஸ்.ஐ.யை நிறுத்துங்க’ என்று மட்டும் சொன்னால், எதிர்முனையில் இருப்பவர் கணக்கில் உள்ள ஆர்.டி. பதிவை நிறுத்திவிடும் அபாயம் உண்டு. ‘இந்தக் கார்டில், இந்த நிறுவனத்துக்குப் பதிந்திருக்கும் ஈ-மேன்டேட்’ என்று சேர்த்துச் சொன்னால் தப்பு நேராது. வங்கியின் தளத்தில் கார்டு பகுதிக்குள் போய், கார்டு எண்ணையும் ஓ.டி.பி.யையும் கொடுத்தால் அந்தக் கார்டின் மேன்டேட்டுகள் எல்லாம் தெரியும், அங்கேயே ரத்து செய்யலாம். முன்தகவல் எஸ்.எம்.எஸ்.ஸில் இணைப்பு வந்தாலும் அதைத் தொடாமல், வங்கியின் முகவரியைத் தானே தட்டிப் போவது நல்லது.

வெளிநாட்டு நிறுவனங்களின் சந்தாவில் சிலசமயம் ஓ.டி.பி.யே கேட்காமல் பணம் போய்விடும். இந்திய விதியை மதித்துப் பதியாத வணிகர் கார்டு விவரத்தை வைத்துக்கொண்டு நேரடியாக எடுக்கிறார். மேன்டேட் பட்டியலில் அது தென்படாது. இதற்குக் கைவசம் இருக்கும் ஆயுதம் கார்டிலேயே உள்ள சுவிட்ச். வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் தேவைப்படும்போது மட்டும் திறந்து மற்ற நேரம் மூடிவைக்கும் வசதியைத் தர வேண்டும் என்று 2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் உத்தரவிட்டது. நெட் பேங்கிங்கிலும் வங்கி ஆப்பிலும் அது இருக்கிறது.

மேன்டேட்டை நிறுத்துவது ஒரு கதவு. சந்தாவை நிறுத்துவது இன்னொரு கதவு. இரண்டையும் சாத்த வேண்டும். வங்கிப் பக்கம் மட்டும் நிறுத்தினால் பணம் போகாது, ஆனால் கம்பெனியின் கணக்கில் அவர் இன்னும் சந்தாதாரர்தான். ஓர் ஆப் என்றால் சேவையை நிறுத்திவிட்டுப் போய்விடுவார்கள். ஜிம், பயிற்சி வகுப்பு, இணைய இணைப்பு போன்றவற்றில் பாக்கி என்று பில் ஏறிக்கொண்டே போகலாம். கம்பெனிப் பக்கம் மட்டும் நிறுத்திவிட்டு மேன்டேட்டை விட்டால், அனுமதி உயிரோடு கிடக்கும், அவர்கள் தவறுதலாகவோ வேண்டுமென்றோ மறுபடி கேட்டால் வங்கி கொடுத்துவிடும். கூகுள் பிளே வழியாகச் சேர்ந்த சந்தா என்றால் பிளே ஸ்டோரைத் திறந்து சுயவிவரப் படம், ‘Payments & subscriptions’, ‘Subscriptions’ என்று போய் ரத்து செய்ய வேண்டும். ஐபோனில் ‘Settings’, மேலே தெரியும் பெயர், ‘Subscriptions’. கட்டிய மாதம் முடியும்வரை சேவை வழக்கமாகத் தொடரும். ஆகவே கடைசி நாள்வரை காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

சிலர் வேறொரு வழியைக் கையாள்கிறார்கள். கணக்கில் பணமே வைக்காமல் விட்டுவிட்டால் எடுக்க முடியாதல்லவா என்று. இது ஆபத்தான வழி. ஆட்டோபே ஒருமுறை தோற்றால் மேலும் மூன்று முறை வரை முயலலாம், அடுத்த மாதம் திரும்பவும் வரும். பணம் என்று கணக்கில் விழுகிறதோ அன்று போய்விடும். நாச் வழியில் இன்னும் மோசம். பணமில்லாமல் திரும்பினால் வங்கிகள் சில நூறு ரூபாய் அபராதமும் அதன்மேல் ஜி.எஸ்.டி.யும் போடுகின்றன. செக் திரும்பினால் வழக்கு வருவதுபோல, நாச் திரும்பினாலும் 2007ஆம் ஆண்டின் கொடுப்பனவுச் சட்டம் 25ஆம் பிரிவின்படி வழக்குப் போட முடியும். இரண்டு ஆண்டு வரை சிறைக்கு அதில் இடமிருக்கிறது. கடன் தவணைக்கான மேன்டேட்டை ரத்து செய்வதும் இப்படித்தான். பணம் எடுக்கும் வழி மட்டுமே அடைபடும், கடன் அப்படியே நிற்கும், சிபில் மதிப்பெண் சரியும். தவணைத் தேதியையோ வங்கியையோ மாற்ற வேண்டுமென்றால் கடன் கொடுத்தவரிடம் பேசி, புது மேன்டேட் பதிவான பிறகே பழையதை எடுக்க வேண்டும்.

நாச் மேன்டேட்டை ரத்து செய்யக் கிளைக்குப் போகிறவர் யு.எம்.ஆர்.என். எனப்படும் 20 இலக்க எண்ணைக் கொண்டுபோனால் வேலை வேகமாக முடியும். நெட் பேங்கிங்கில் மேன்டேட் பகுதியில் அது இருக்கும். ‘கம்பெனியிடம் போய் நிறுத்தச் சொல்லுங்கள்’ என்று கிளையில் திருப்பி அனுப்புவது நடக்கிறது. அப்போது வாயால் வாதாடுவதைவிட, எண்ணைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதி, நகலில் சீலும் தேதியும் வாங்கிக்கொண்டு வருவதே மேல்.

சரி, ஏற்கெனவே போன 1,495 ரூபாய்? இங்கே ஆசிரியைக்கு ஆறுதலாகச் சொல்ல அதிகம் இல்லை. ரத்து என்பது இனிமேல் போவதைத்தான் தடுக்கும். அனுமதியில்லாத மின்னணுப் பிடித்தங்களுக்கு மூன்று வேலை நாளுக்குள் புகார் செய்தால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை என்று 2017இல் ரிசர்வ் வங்கி சொன்ன விதி இதற்குப் பொருந்தாது. பின் போட்டுப் பதிந்திருக்கிறார், வங்கியின் பார்வையில் அது அனுமதித்த பரிவர்த்தனை. கேட்க வேண்டிய இடம் கம்பெனிதான். கடைசிப் பிடித்தத்துக்குப் பின் ஆப்பையே பயன்படுத்தவில்லை என்று மின்னஞ்சல் எழுதினால் ஒரு மாதத் தொகையைத் திருப்பிக் கொடுக்கும் நிறுவனங்கள் உண்டு. மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. சேர்வதை எளிதாக்கி விலகுவதைக் கடினமாக்கும் ‘சந்தாப் பொறி’யை, 2023 நவம்பரில் வந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டு நெறிகள், தடைசெய்யப்பட்ட பதின்மூன்று ஏமாற்று உத்திகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கின்றன. புகாரில் அந்தப் பெயரையே எழுதலாம்.

வங்கி பதில் சொல்ல வேண்டிய நேரங்களும் இருக்கின்றன. ரத்து செய்த பிறகும் பணம் போனால், அனுமதித்த உச்சவரம்புக்கு மேல் போனால், முன்தகவல் வராமலே கார்டில் எடுக்கப்பட்டால், அது வங்கியின் பொறுப்பு. எழுத்தில் புகார் கொடுத்து எண் வாங்க வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ cms.rbi.org.in தளத்தில் ஒம்புட்ஸ்மேனிடம் இலவசமாக முறையிடலாம். அங்கே பதிவேற்ற வேண்டியவை கொஞ்சம்தான்: வங்கியில் கொடுத்த புகாரின் நகல், பணம் போன ஸ்டேட்மென்ட் பக்கம், ரத்து ஆனதாகச் செய்தி வந்த அந்தத் திரைப்படம்.